புள்ளிக்குக் கீழே புள்ளி: நோட்டுக் கணக்கு ஏன் உதைக்கிறது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலேயே காபித்தூள் போட்டு விற்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். சாம்பிளுக்கு ஏற்காட்டுக் காபிக்கொட்டை 164.5, ஆட்டோ 120, மிளகு 87.25, கவர் 12.375 (ஒன்று 82.5 பைசா, 15 கவர்). நோட்டில் கூட்டினால் 228.65, மகன் போனில் கூட்டினால் 384.125. எது சரி?

பதில்: மகன் சொன்னதுதான் சரி. நீங்கள் கூட்டியதில் தப்பில்லை, எழுதி வைத்ததில்தான் தப்பு. நான்கு எண்களையும் வலது ஓரத்தில் ஒட்டி எழுதியிருக்கிறீர்கள், முழு எண்களுக்கு அப்படித்தான் பள்ளியில் பழக்கினார்கள். அதனால் 164.5-ல் இருக்கும் 5, அதாவது 50 பைசா, ஆட்டோவின் கடைசி சைபருக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. பைசாவும் ரூபாயும் ஒரே வரிசையில் கலந்தபின் எத்தனை கவனமாகக் கூட்டினாலும் விடை வராது, கடைசியில் இரண்டு இடம் தள்ளி ஒரு புள்ளி வைத்துவிட்டால் பார்க்க ரூபாய்-பைசா மாதிரியே இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

நோட்டில் முதலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். எல்லாப் புள்ளியும் அந்தக் கோட்டின் மேல்தான். புள்ளியே இல்லாத 120-க்கு 0-வை அடுத்துப் புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் அதிகபட்சம் மூன்று இடம் இருக்கிறது, மற்றவற்றையும் சைபர் போட்டு மூன்றாக்குங்கள். புள்ளிக்கு வலப்பக்கம் கடைசியில் சேர்க்கும் சைபரால் மதிப்பு மாறாது.

```
164.500
120.000
 87.250
 12.375
-------
384.125
```

விடை வரியில் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் வலமிருந்து கூட்டுங்கள். 5. அடுத்து 5+7=12, 2 போட்டு 1 மிச்சம். அடுத்து 5+0+2+3 பத்து, மிச்சத்தோடு 11. இங்கே மிஞ்சும் 1 புள்ளியைத் தாண்டி ரூபாய்ப் பக்கம் போக வேண்டும், பலர் இந்த இடத்தில்தான் அதை விட்டுவிடுகிறார்கள்.

போன் இல்லாமலே சரிபார்க்கலாம். புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் கூட்டுங்கள்: 164+120+87+12=383. ஒவ்வொன்றின் பைசாவும் ஒரு ரூபாய்க்குள்தான், நான்கு பொருள் என்றால் மொத்தம் 383-க்குக் குறையாது, 387-ஐத் தொடாது. 228 வந்தவுடனே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும்!

இன்னொன்று, 164 ரூபாய் 5 பைசா என்றால் 164.05, 164.5 இல்லை. கொட்டைக்காரர் கொடுத்த சீட்டை ஒருமுறை பாருங்கள், அவர் எதை நினைத்து எழுதினாரோ.