பேஸ்லைன் ஷெட்யூலோட போற நரேட்டிவ்: செட்டிநாட்டு வீட்டு வேலைலருந்து வந்த கேள்விகள்

காரைக்குடி சுத்துவட்டாரத்துல பழைய வீட்ட புதுப்பிச்சு தங்கும் விடுதியா மாத்துற வேலை எடுத்திருக்கிற இன்ஜினியர்கள், ப்ளானிங் பாக்குற பசங்க, ரெண்டு மூணு வீட்டுக்காரங்களும்கூட கேள்வி அனுப்பியிருக்காங்க. பேஸ்லைன் ஷெட்யூல்ங்கிறது வேலைக்கு முன்னாடி ரெண்டு தரப்பும் ஒத்துக்கிற கால அட்டவணை, நரேட்டிவ்ங்கிறது அதோட அனுப்புற எழுத்து விளக்கம். எல்லாருக்கும் ஒரே வீட்ட வச்சு சொல்றேன், அப்பதான் கோர்வையா புரியும். கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட வீடு இது: முகப்பு, நடு முற்றம் இருக்கிற வளவு, அதுக்குப் பின்னாடி ரெண்டாம் கட்டு, நாட்டு ஓட்டுக் கூரை, பத்து ரூம். சைட்ட ஒப்படைக்கிறது ஜூன் 2, வேலை முடியுறது மாசி நடுவுல, அதாவது பிப்ரவரி கடைசி.

கேள்வி: கிளையன்ட் சிங்கப்பூர்ல இருக்காரு சார், பார் சார்ட்ட பிடிஎஃப்பா அனுப்பிட்டோம், இதுக்கு மேல நரேட்டிவ்னு தனியா எதுக்கு? அதுல என்னத்த எழுதுறது?

பார் சார்ட் எந்த வேலை எப்பன்னு காட்டும், ஏன் அப்பன்னு காட்டாது. ஜூன்ல ஆரம்பிக்கிற வேலை ஏன் பிப்ரவரிக்கு இழுக்குது, தரையெல்லாம் உடஞ்சு கெடக்கே அத முதல்ல போடக்கூடாதான்னு அவரு கேப்பாரு, அந்தக் கேள்விக்கு சார்ட்டுல பதில் கிடையாது. அதனால நரேட்டிவோட முதல் வேலை கிரிட்டிக்கல் பாத்த, அதாவது ஒரு நாள் தள்ளுனாலும் முடியுற தேதியே தள்ளிப்போற வேலை வரிசைய, வாக்கியமா எழுதுறதுதான். நம்ம வீட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

"கூரைய பிரிச்சு, உளுத்துப்போன மரத்த மாத்தி, ஓடு வேய 14 வாரம் ஆகும், செப்டம்பர் முதல் வாரம் முடியும். அது முடியாம உள்சுவர்ல சுண்ணாம்புப் பூச்சு ஆரம்பிக்க முடியாது, ஏன்னா கூரை தொறந்திருக்கப்ப மழை எறங்குனா பூச்சு மொத்தமும் போயிடும். பூச்சு முடியுறது நவம்பர் நடுவுல. கடைசி மெருகுப் பூச்சு முடிஞ்ச பிறகுதான் அந்தந்தப் பகுதில ஆத்தங்குடி கல்லு பதிக்கிறோம், முன்னாடியே பதிச்சா சுண்ணாம்பு சொட்டி கல்லுல கறை ஏறும். தரை டிசம்பர் கடைசில முடியும். அதுக்கப்புறம் கதவு பாலிஷ், பாத்ரூம் ஃபிட்டிங், லைட்டு. நடுவுல பொங்கலுக்கு ஒரு வாரம் லீவு."

இவ்வளவுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் காரணம் இருக்கு பாருங்க. இந்தக் காரணத்துலயும் ரெண்டு வகை உண்டு, அத பிரிச்சு சொல்லிடுங்க. கூரைக்கு அப்புறம் பூச்சுங்கிறது மாத்தவே முடியாதது. ஆனா முகப்பு முடிஞ்சுதான் ரெண்டாம் கட்டுன்னு போட்டிருக்கீங்களே, அது ஒரே கொத்தனார் செட்டு இருக்கறதால நீங்களா போட்ட வரிசை, இன்னொரு செட்டு கெடச்சா ரெண்டையும் சேத்து பாக்கலாம். பின்னாடி நாள குறைக்கணும்னு பேச்சு வந்தா எதுல கை வைக்கலாம்னு கிளையன்ட்டுக்கே தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: மழைக்குன்னு மொத்தமா 20 நாள் கடைசில சேத்துட்டேன், அது போதுமா?

போதாது தம்பி, நாள் எத்தனைங்கிறதவிட அத வச்ச இடம்தான் தப்பு. நமக்கு மழைங்கிறது வருசம் பூரா பரவி வர்றதில்ல, வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும், அதுவும் எல்லா வேலையையும் ஒரே மாதிரி நிறுத்தாது. உள்ள ஒயர் இழுக்கிறவருக்கு மழை ஒண்ணும் பண்ணாது, கூரை மேல நிக்கிற ஆசாரிக்கு அன்னைக்கு வேலையே கிடையாது. அதனால கூரை வேலைக்குத் தனி காலண்டர் போடுங்க. நான் அக்டோபர் 15லருந்து டிசம்பர் 15 வரைக்கும் கூரைய தொறக்கிற வேலை இல்லன்னு மூடிடுவேன், அப்படி மூடியிருக்கேன்னு அனுமானங்கள் பகுதில தேதியோட எழுதிடுவேன்.

இத எழுதுறதோட பலன் எங்க தெரியும்னா, சைட்ட ஒப்படைக்கிறது தள்ளிப்போகும்போது. வீட்டுக்காரங்க சாமான ஏறக்கட்டி குடுக்க ஆறு வாரம் லேட்டாகி ஜூலை 14தான் சாவி வருதுன்னு வச்சுக்கங்க. 14 வாரக் கூரை வேலை அக்டோபர் 18ல முடியணும். ஆனா 15ந்தேதியே காலண்டர் மூடிடுச்சு, மிச்சம் இருக்கிற நாலு நாள் வேலை டிசம்பர் 16க்கு போகுது, 19ந்தேதி முடியுது. செப்டம்பர் 6ல முடிய வேண்டிய கூரை டிசம்பர் 19ன்னா, சாவி ஆறு வாரம் லேட்டானதுக்கு கூரை பதினஞ்சு வாரம் லேட்டு, மொத்த வேலையும் வைகாசிய தொட்டுடும். இத முன்னாடியே எழுதி வைக்காம அப்புறம் போய் சொன்னா எந்தக் கிளையன்ட்டும் நம்பமாட்டாரு, நீங்க ஒம்போது வாரத்த ஒளிச்சு வாங்குறதா நினைப்பாரு. நரேட்டிவ்ல ஒரே வரி: "ஜூலை 7க்கு மேல சைட் கெடச்சாலே கூரை வேலை மழைக்குள்ள போற ஆபத்து இருக்கு, அப்படி ஆனா தற்காலிக ஷீட் கூரை போடணும், அதுக்குச் செலவு தனி." அந்த ஜூலை 7 எப்படி வந்துச்சுன்னா, அக்டோபர் 15லருந்து 14 வாரம் பின்னாடி எண்ணுனா ஜூலை 9 வரும், ரெண்டு நாள் கைல வச்சிருக்கேன்.

கேள்வி: சுண்ணாம்புப் பூச்சு காயிற நாள லேக்கா போட்டேன், சீனியர் ஆக்டிவிட்டியா போடச் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுதானே?

சீனியர் சொல்றதுதான் சரி. லேக்குங்கிறது ரெண்டு வேலைக்கு நடுவுல விடுற வெறும் காத்திருப்பு நாள், ஆக்டிவிட்டிங்கிறது பேரும் பாரும் இருக்கிற தனி வேலை. லேக்குக்கு தனியா காலண்டர் கெடையாது, ப்ரைமவேரா ஷெட்யூலிங் சாஃப்ட்வேர்ல ஷெட்யூல் ஆப்ஷன்ஸ்ல `Calendar for scheduling Relationship Lag`னு ஒரு இடம் இருக்கும், அங்க `Predecessor Activity Calendar`னு இருந்தா உங்க லேக்கு கொத்தனாரோட வாரம் ஆறு நாள் காலண்டர்ல ஓடும். 14 நாள் காயணும்னு போட்டா ஞாயித்துக்கிழமைய கழிச்சு 16 நாளாகும், நடுவுல பொங்கல் லீவு விழுந்தா இன்னும் நீளும். சுவரு லீவு எடுக்கிறதில்ல, ஞாயித்துக்கிழமையும் காயுது. அதனால "பூச்சு காய்தல்"னு தனி ஆக்டிவிட்டி, ஏழு நாள் காலண்டர்.

இன்னொரு காரணமும் இருக்கு. லேக்கு பிரிண்டவுட்ல கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு வேலைக்கு நடுவுல காலியா கெடக்கிற ரெண்டு வாரத்த பாத்து கிளையன்ட் "ஆளு இல்லாம சும்மா கெடக்குது"ம்பாரு. பேரு போட்ட பார் அங்க இருந்தா அந்தப் பேச்சே வராது. நரேட்டிவ்ல இந்த நாள் எங்கருந்து வந்துச்சுன்னும் எழுதுங்க: வெயில் மாசத்துல ஒரு பூச்சுக்கு 14 நாள், அக்டோபர் நவம்பர்ல 21 நாள், இது முட்டைப் பூச்சு வேலை செய்யுற கொத்தனார் சொன்னது, மாதிரிச் சுவர் போட்டுப் பாத்து உறுதி பண்ணுவோம்னு. யாரு சொன்னதுன்னு இருந்தாதான் அது அனுமானம், இல்லாட்டி வெறும் நம்பர்.

கேள்வி: வீட்டு ஆச்சி பால் காய்ச்ச தை மாசக் கடைசி முகூர்த்தத்துல நாள் குறிச்சுட்டாங்க, அந்தத் தேதிய ஷெட்யூல்ல பூட்டிடவா?

பூட்டாதீங்க. `Mandatory Finish` போட்டீங்கன்னா சாஃப்ட்வேர் லாஜிக்க ஓரமா தள்ளிட்டு அந்தத் தேதிய அப்படியே எழுதிக்கும், வேலை முடியுமோ முடியாதோ சார்ட்டுல தைல முடியுற மாதிரி அழகா தெரியும். பேஸ்லைன்ல பண்ணக்கூடாத காரியம் இது. கண்டிப்பா போடணும்னா `Finish On or Before` போடுங்க, அது முன்கூட்டிய தேதிகள, அதாவது லாஜிக்படி வர்ற தேதிகள தொடாது, பத்தாத நாள நெகட்டிவ் ஃப்ளோட்டா காட்டிக் குடுக்கும். நம்ம வீட்டுல அது கிட்டத்தட்ட மூணு வாரம்.

அந்த மூணு வாரத்த நரேட்டிவ்ல நேரா சொல்லுங்க. "நீங்க குறிச்ச நாளுக்கு இந்த ப்ளான் மூணு வாரம் பத்தாது. வளவும் முகப்பும் மட்டும் அன்னைக்கு தயாரா இருக்கும், ரெண்டாம் கட்டு ரூமு மாசில முடியும். எல்லாமே வேணும்னா ரெண்டாவது கொத்தனார் செட்டு வேணும், செலவு இவ்வளவு." இப்படி வழியோட சொன்னா ஆச்சி முடிவெடுப்பாங்க, பால் காய்ச்சுறதுக்கு வளவு போதும்னுகூட சொல்லிடுவாங்க. நெகட்டிவ் ஃப்ளோட்டோட ஒரு பேஸ்லைன்ல கையெழுத்து வாங்கறது மட்டும் வேணாம், பேசி ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவ ஷெட்யூல்ல ஏத்தி, அப்புறம் வாங்குங்க.

கேள்வி (வீட்டுக்காரர்): கல்லு டிசைனுக்கு அஞ்சு வாரம் ஃப்ளோட் இருக்குன்னு போட்டிருக்காங்க. அப்ப நாங்க அஞ்சு வாரம் நிதானமா யோசிக்கலாம்ல?

ஃப்ளோட்டுன்னா மொத்த வேலையும் தள்ளாம ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய நாள், ஆனா அந்த அஞ்சு வாரம் உங்களுக்கு மட்டும் இல்லீங்கண்ணே. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அது ப்ராஜெக்ட்டோடதுன்னுதான் கட்டுமானத் தாமதங்களுக்கு வழிகாட்டுற எஸ்சிஎல் ப்ரோட்டோகாலும் சொல்லுது, யாரு முன்னாடி எடுத்தாலும் அடுத்தவருக்கு அது கெடையாது. ஆத்தங்குடி கல்லு கைல செய்யறது, கண்ணாடி மேல அச்சு வச்சு கலர ஊத்தி, பின்னாடி சிமெண்டு மணல் போட்டு, தண்ணில ஊறவச்சு, காயவச்சு எடுக்கணும். நீங்க அஞ்சு வாரத்தையும் யோசிச்சே தீத்துட்டா, பட்டறைல மழையால ஒரு வாரம் காயாம போனாலும் தரை வேலை நேரா கிரிட்டிக்கல். உங்க ப்ளானர்கிட்ட ரெண்டு விசயம் கேளுங்க: டிசைன் முடிவுக்கு ஒரு தேதி, கல்லு வந்து எறங்க ஒரு தேதி, ரெண்டும் நரேட்டிவ்ல தனித்தனியா இருக்கணும். ஃப்ளோட் யாருக்குங்கிற வரியும் இருக்கணும், இல்லன்னா ஒப்பந்தத்த எடுத்துப் பாருங்க.

கேள்வி: வீட்டுல பத்து பதினஞ்சு பங்காளி. நடுவுல முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்பு வருது, அத காரணம்னு எழுதலாமா?

தாராளமா எழுதலாம், எழுதியே ஆகணும். அது சைட் கெடைக்கிற சம்பந்தப்பட்ட கட்டுப்பாடு. ஆனா "படைப்பு காரணமா தாமதம் வரலாம்"னு பொத்தாம் பொதுவா எழுதுனா பிரயோஜனம் இல்ல. எந்தத் தேதிலருந்து எது வரைக்கும், வளவு மட்டுமா முகப்புமா, சாரம் அவுக்கணுமா, அவுத்து மறுபடி கட்ட எத்தனை நாள், இதெல்லாம் கிளையன்ட்கிட்டயே எழுத்துல வாங்கிக்கங்க. சாரம் அவுக்கிறதையும் கட்டுறதையும் ஆக்டிவிட்டியாவே போடுங்க, படைப்பு நாள் ரெண்டுதான்னாலும் வளவுல ஒரு வாரம் போயிடும். தேதி இன்னும் முடிவாகலன்னா ஒரு அனுமானத் தேதி போட்டு, எந்தத் தேதிக்குள்ள அவங்க உறுதி சொல்லணும்னு பக்கத்துலயே எழுதிடுங்க.

கேள்வி: எத்தனை பக்கம்?

இந்த அளவு வேலைக்கு ஆறேழு பக்கம் தாராளம். முதல் பக்கத்துலயே ஷெட்யூல் ஃபைல் பேரு, ரிவிஷன், எந்தத் தேதி நிலவரம்னு சொல்ற டேட்டா டேட் மூணும் இருக்கட்டும். அனுப்புறதுக்கு முன்னாடி நரேட்டிவ்ல இருக்கிற ஒவ்வொரு தேதியையும் ஃபைலோட ஒத்துப் பாருங்க, ஷெட்யூல கடைசி நேரத்துல திரும்ப ஓட்டிட்டு நரேட்டிவ்ல பழைய தேதியே நிக்கிறது அடிக்கடி நடக்குது, கிளையன்ட் தரப்பு ஆளு முதல்ல பிடிக்கிறதும் அதத்தான்.