ஊக்கு தைக்க உட்கார்ந்தால் ஊறும் கால்: ஃபெரிட்டின் 19 நார்மலா?

கேள்வி: எனக்கு 43 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ஒரு வருடமாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் முழங்காலுக்குக் கீழே, உள்ளுக்குள் ஏதோ ஊறுகிற மாதிரி இருக்கிறது. காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை. மெஷின் மிதிக்கும்போது இல்லை. ஊக்கு வைத்துத் தைக்க உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடும். ராத்திரி துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். கால்சியம், நரம்பு ஊசி எல்லாம் போட்டாயிற்று. ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 19, இரண்டுமே நார்மல் என்றார்கள். இரும்பு மாத்திரை பத்து நாள் போட்டேன், மலச்சிக்கல் வந்தது, விட்டுவிட்டேன். தும்மலுக்குத் தினமும் இரவில் ஒரு மாத்திரை உண்டு. மாதவிலக்கு ஏழு நாள் போகிறது. வீட்டில் எல்லோரும் இது மனப்பிரமை என்கிறார்கள். அப்படித்தானா டாக்டர்?

பதில்: மனப்பிரமை இல்லை அம்மா. மெஷின் மிதிக்கும்போது இல்லை, ஊக்கு தைக்கும்போது வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது. இதன் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், தமிழில் ஓயாக்கால் என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனோ நரம்புப் பரிசோதனையோ தேவையில்லை. காலை அசைக்கத் தூண்டும் உணர்வு, ஓய்வில் வருவது, அசைத்தால் அடங்குவது, சாயங்காலத்துக்கு மேல் கூடுவது இவற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

எங்கள் ஓ.பி.யில் இதை எல்லோரும் 'கால் குடைச்சல்' என்றுதான் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு நோய் ஒளிந்திருக்கும். நடுராத்திரியில் ஆடுதசை கல் மாதிரி இறுகி, தொட்டால் கட்டி தெரிந்தால் அது வெறும் பிடிப்பு. பாதம் பகல் இரவு பார்க்காமல் எரிந்தால், நடந்தாலும் குறையாவிட்டால், சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறைச் சந்தேகப்படுவோம். நரம்பு புடைத்த காலில் நிற்க நிற்கத்தான் கனம் ஏறும், காலைத் தூக்கி வைத்தால் குறையும். உங்களுடையது அதற்கு நேர் எதிர். எழுந்து பத்து அடி வைத்தால் அடங்குகிறது, உட்கார்ந்தால் திரும்பி வருகிறது. கால்சியமும் நரம்பு ஊசியும் பலன் தராததில் வியப்பில்லை, கோளாறு காலிலேயே இல்லை.

கோளாறு மூளையில், அதுவும் இரும்பு சம்பந்தப்பட்டது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் என்சைம் இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. சாயங்காலத்துக்கு மேல் ரத்தத்தில் ஓடும் இரும்பு இயல்பாகவே குறையும், டோபமின் வேலையும் மந்தமாகும். கையிருப்பு நிறைய உள்ளவர்களுக்கு இது தெரியாது. கையிருப்பு வற்றியவர்களுக்குக் காலில் ஊறத் தொடங்குகிறது. இரும்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு இது பரம்பரையாக வரும், சிறுநீரகக் கோளாறிலும் கர்ப்ப காலத்திலும் வரும். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தபின் இரும்பை விட்டுவிட்டு வேறெங்கும் தேடப் போவதில்லை.

சரி, 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டுக்கு வருவோம். நம் பக்கம் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஹீமோகுளோபின் என்பது இன்றைய சமையலுக்குக் குடத்தில் எடுத்து வைத்த தண்ணீர். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்பது மூலையில் நிற்கும் டிரம். குடம் நிறைந்திருக்கிறது என்பதால் டிரம்மில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. உடம்பு முதலில் டிரம்மைக் காலி செய்யும், கடைசியில்தான் குடம் குறையும். உங்கள் 12.3 குடத்தின் அளவு, 19 டிரம்மின் அளவு. லேப் காகிதத்தில் அச்சிட்ட வரம்புக்குள் 19 வந்துவிடும், அதனால் பக்கத்தில் குறியும் விழாது, கண்ணிலும் படாது. ஆனால் ஓயாக்காலுக்கு நாங்கள் பார்க்கும் கோடு வேறு: ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறீர்கள் பாருங்கள்.

காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம் இருக்கும் நாளில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும். உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை, குறைவாகக் காட்டினால் நம்பலாம்.

இப்போது அந்தத் தும்மல் மாத்திரை. உடனே மாற்ற வேண்டியது இதுதான். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், அதாவது குளோர்பெனிரமின், பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை மூளைக்குள் போய் ஓயாக்காலைக் கிளறிவிடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இவை கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நூல் தூசு உங்களுக்கு நிற்கப் போவதில்லை, தும்மலும் வரத்தான் செய்யும். மூளைக்குள் அதிகம் போகாத ஃபெக்ஸோஃபெனடினையோ மூக்கு ஸ்பிரேயையோ எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடும் இதே மாதிரி தொல்லை தரும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

இரும்பு மாத்திரையை விட்டதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எடுக்கும் முறையை யாரும் சொல்லித் தரவில்லை. சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது, அது போதும். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சுமார் ஒரு நாள் சாத்திவிடும். மறுநாளே அடுத்ததைப் போட்டால் உள்ளே ஏறாமல் குடலிலேயே தங்கும் பங்கு கூடும், மலச்சிக்கலுக்கும் அதுதான் காரணம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் டீ, காபி, பால் தொடாதீர்கள். கால்சியம் மாத்திரை தொடர்வதானால் அதை ராத்திரிக்குத் தள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயம் வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கெட்ட வாடை அடித்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஃபெரிட்டின் ஒரு புள்ளி என்றால் உடம்பில் சுமார் 8 மி.கி. இரும்பு சேமிப்பு. 19-ஐ 75 ஆக்க 450 மி.கி. அளவுக்கு வேண்டும். ஒரு மாத்திரையிலிருந்து உள்ளே சேருவது 10 மி.கி. என்று வைத்தால், மாதம் 15 மாத்திரைக்கு 150 மி.கி. இதில் மாதவிலக்கு கழித்துக்கொள்ளும். 2 மி.லி. ரத்தம் போனால் ஏறக்குறைய 1 மி.கி. இரும்பு போகிறது. ஏழு நாளில் 80 மி.லி. போனால் 40 மி.கி. போச்சு. மிச்சம் 110, ஆக நாலு மாதம். போக்கு இதைவிட மிக அதிகமானால் வருடம் முழுக்க மாத்திரை போட்டாலும் டிரம் நிறையாமல் போகலாம். சுவரொட்டியும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் 19-லிருந்து சமையலறையை மட்டும் நம்பி ஏறிவிட முடியாது.

அதனால் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ மகளிர் நோய்ப் பிரிவில் காட்டி வயிற்று ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் கர்ப்பப்பைக் கட்டி சகஜம், போக்கைக் குறைக்க மாத்திரைகளும் உண்டு.

இந்த இடத்தில் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கொஞ்ச காலம் முன்பு தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் இதே ஊறலோடு வந்தார், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஃபெரிட்டின் 11. மாதவிலக்கு இல்லாத உடம்பில் இரும்பு எங்கே போகிறது? குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் ரத்தம் கசியும் கட்டி ஒன்று இருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இரும்பு குறைவு என்றதும் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது தப்பு.

மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து இரும்பு மாத்திரையை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். எண் ஏறவே இல்லை என்றாலோ வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்து ஓயாக்காலில் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்கும் பலன் தெரிய சில வாரம் ஆகும், அன்று ராத்திரியே கால் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரும்பு நிறைந்தும் கால் அடங்காவிட்டால் காபாபென்டின், ப்ரீகாபலின் போன்றவை இருக்கின்றன. இவற்றில் தலைசுற்றலும் பகல் தூக்கமும் வரலாம். ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல் என்று எழுதிக் கொடுத்தால், முதலில் வேறு மருந்து பார்க்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் அற்புதமாக வேலை செய்யும். நாள்பட, ஏழு மணிக்கு வந்த ஊறல் நாலு மணிக்கே வரும், கைக்கும் பரவும். மருந்தே நோயைக் கூட்டும் இந்த நிலையைப் பார்த்துவிட்டுத்தான் இவற்றை முதல் மருந்தாகக் கொடுப்பதை இப்போது தவிர்க்கிறோம்.

அதுவரை வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஊக்கும் காஜாவும் காலையில், மெஷின் வேலை சாயங்காலம். படுக்கும் முன் ஆடுதசையை வெந்நீரில் நனைத்த துண்டால் ஒத்தித் தேய்த்துவிடலாம். துணி கட்டுவதில் தப்பில்லை, பாதம் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்காதீர்கள். அப்புறம், நாட்காட்டியில் தினமும் ஊறல் தொடங்கும் மணியை மட்டும் எழுதி வையுங்கள். இரும்பு ஏற ஏற ஏழு என்பது எட்டரை ஆகும், பத்து ஆகும், இடையில் சில நாள் கட்டம் காலியாக இருக்கும். மூன்றாம் மாத ரிப்போர்ட்டோடு அந்த நாட்காட்டியையும் உங்கள் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.