பிறந்த குழந்தைக்கு உறவினர் முத்தம்: எப்படித் தடுப்பது?

"குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பட்டர்வொர்த்திலிருந்து கணவரின் அத்தை இந்த ஞாயிறு பினாங்கிற்கு வருகிறார். கையைக் கழுவச் சொல்வதும் முத்தத்தை மறுப்பதும் எப்படி?"

முத்தத்தில் நான் அதிகம் அஞ்சுவது, உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரஸுக்குத்தான். பெரியவர்களுக்கு அது சில நாள் தொல்லை, ஆனால் முதல் சில வாரங்களில் குழந்தையின் மூளை, கல்லீரல் வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளம் தெரியாதபோதும் எச்சிலில் அவ்வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், உதட்டைப் பார்த்து அனுமதிப்பது பயன்படாது.

ஃபெர்ரியில் கைப்பிடியைப் பிடித்து வந்தவர், குழந்தையைத் தூக்குமுன் சோப்பால் 20 விநாடி, கட்டைவிரலையும் நகவிளிம்பையும் விடாமல் தேய்த்துக் கழுவி, டிஷ்யூவில் துடைக்கட்டும். இருமலோ சளியோ இருந்தால் வருகையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

மறுப்பைக் கணவரே, முதல்நாள் தொலைபேசியில் சொல்வது நல்லது. மருமகள் வாசலில் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். "அத்தை, இரண்டு மாதம் வரை எங்கள் அம்மா உட்பட யாரும் முத்தம் கொடுப்பதில்லை, நீங்கள் பாதத்தைத் தடவிக் கொஞ்சுங்கள்" என்றால் போதும். குழந்தையின் கையைத் தொடக் கொடுக்காதீர்கள், குழந்தை அதை வாயில் வைக்கும்.

பிறகு 38 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எழுப்ப முடியாத சோர்வு, தோலில் நீர்க்கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.