வயதானவர்களுக்கு மொபைல் பேங்கிங் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருக்கிறதா? எப்படிப் புரியவைத்தீர்கள்?

எங்க ஆச்சிக்கு முக்கூடல். நாற்பது வருஷம் பீடி சுற்றியதில் விரல் ரேகை தேய்ந்துபோச்சு. ஊருக்குள் கைரேகை வாங்கிப் பணம் தருகிற வங்கி முகவரின் மெஷின், சேலையில் எத்தனை தடவை துடைத்து வைத்தாலும் ஆச்சி விரலை ஏற்காது. அதனால்தான் போனில் ஆரம்பித்தோம்.

முதல் நாளே மாட்டிக்கொண்டோம். யுபிஐ செயலி போனிலிருக்கும் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். அந்த நம்பரே வங்கியிலும் பதிந்திருந்தால்தான் கணக்கு தெரியும். ஆச்சி கணக்கில் இருந்ததோ சித்தப்பா நம்பர். பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போய் மாற்றிவிட்டு வந்தோம். பிறகு ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்ணையும் ஓடிபியையும் போட்டு, ரகசிய எண் வைக்கும் நேரத்தில் நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த தொல்லை விரல். ஆச்சி கைநாட்டு வைப்பதுபோல அழுத்திப் பிடிப்பார், திரையில் வேறு ஏதோ திறக்கும். இரண்டு நாள் நானே போனை வாங்கி வாங்கிச் செய்தேன், அது என் தப்பு. மூன்றாம் நாள் கேட்டேன்: "பீடிக்கு நூல் கட்டும்போது இப்படித்தான் அழுத்துவீங்களா ஆச்சி?"

"அழுத்துனா இலை கிழிஞ்சிரும்லா."

"இதுவும் இலைதான்."

அப்புறம் விரல் பழகிவிட்டது. எனக்கு ஒவ்வொரு ரூபாயாகப் பத்து தடவை அனுப்பச் சொன்னேன். பேரைப் பாருங்க, தொகையைப் பாருங்க, பிறகுதான் ரகசிய எண். அந்த வரிசை மாறக்கூடாது. பத்து ரூபாயையும் நான் திருப்பி அனுப்பியதும், "இப்பம் நம்பர் போடணுமால?" என்றார்.

"வேண்டாம் ஆச்சி. உண்டியல்ல காசு போடச் சாவி எதுக்கு? எடுக்கத்தான் சாவி. வர்ற பணத்துக்கு எவன் நம்பர் கேட்டாலும் அவன் திருடன்."

"மீதி பாக்கவும் கேக்குதே?"

நல்ல கேள்வி. "உண்டியலைத் திறந்தாத்தானே எண்ண முடியும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி கடையில் உளுந்துக்கு 65 ரூபாய். ஆச்சியே ஸ்கேன் செய்தார், தொகையைப் போட்டார், நின்றுவிட்டார். திரையில் ஒரு பெண் பெயர்.

"ஏய்யா, இது யாரு?"

"எங்க வீட்டுக்காரி பேருதான் ஆச்சி."

"அப்பம் அவளக் கூப்பிடு."

பின்னால் நாலு பேர் நின்றார்கள். எனக்குத்தான் கூச்சம், ஆச்சிக்கு இல்லை. அந்த அக்கா மாவுக் கையோடு வந்து தலையாட்டிய பிறகுதான் ரகசிய எண்ணைப் போட்டார், அதுவும் முந்தானையால் போனை மூடிக்கொண்டு. கல்லாப் பக்கத்துப் பெட்டி, 65 ரூபாய் வந்துவிட்டதாகச் சத்தமாக அறிவித்தது.

ஆச்சி அதை முறைத்தார். "நாம இம்புட்டு ரகசியமாப் போட்டா, இவன் ஊருக்கே தம்பட்டம் அடிக்கான்."