யூனிகோடில் போட்டால் வரி இப்படித்தான் இருக்குமா?

கேள்வி: எங்கள் குடும்பத்தின் காப்பித் தோட்ட நினைவுகளை 96 பக்க நூலாக எழுதி, 300 படிகள் அச்சிடச் சேலத்து அச்சகம் ஒன்றில் கொடுத்திருக்கிறேன். வந்த புரூஃபில் சில வரிகளில் சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சிலவற்றில் எழுத்துகளே விலகி நிற்கின்றன. சில வரிகள் 'க்', 'ம்' என்று புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குகின்றன. கேட்டால், "யூனிகோட் ஃபாண்ட் அப்படித்தான். பழைய ஃபாண்டுக்கு மாற்றப் பக்கத்துக்கு 30 ரூபாய் கூடுதல்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏற்காடு

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் எதற்கும் எழுத்துரு காரணமில்லை. வரியை அடுக்கும் மென்பொருளில் செய்ய வேண்டிய அமைப்பைச் செய்யாமல் விட்டதும், பிறகு அதை மறைக்கக் கையால் ஒட்டுப்போட்டதும்தான் காரணம். பழைய குறியீட்டு எழுத்துருவுக்கு மாறினால் 2,880 ரூபாய் செலவாவதோடு புதிய குறை ஒன்றும் சேரும். அவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று தனி எழுத்துகளாகவே மென்பொருளுக்குத் தெரியும் என்பதால், கொம்பு மட்டும் வரியின் கடைசியில் நின்று, 'கா' அடுத்த வரிக்குப் போவது அங்கே சாதாரணம். செவ்வாய்ப்பேட்டையில் டிடிபி வேலை பார்த்த காலத்தில், அப்படித் தனித்து நின்ற கொம்புகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதிலேயே என் பல மாலைப்பொழுதுகள் கழிந்தன.

முதலில் அவர்கள் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பேஜ்மேக்கர் என்றால் அதற்கு யூனிகோடே தெரியாது. நீங்கள் கொடுத்த கோப்பை ஏற்கெனவே பழைய குறியீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பொருள். புரூஃப் பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டினால் அது பழைய எழுத்துரு. கொம்பும் காலும் சற்று இடம் மாறியிருந்தாலும் தமிழெழுத்தாகவே வந்தால் அது யூனிகோட்தான். இன்டிசைனில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். நம் ஊரில் யூனிகோட் நூல்கள் பெரும்பாலும் அதில்தான் ஆகின்றன.

இடைவெளி ஏன் விரிகிறது என்பதை ஒரே ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். உங்கள் நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று கொள்வோம்: 'சேர்வராயன் மலையிலிருந்து காப்பி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்'. டெம்மி அளவுப் பக்கத்தில், 12 புள்ளி, அதாவது 12 பாயிண்ட், அளவு எழுத்தில், முதல் நான்கு சொற்கள் ஒரு வரியில் அடங்கி, வலப்புறம் 60 புள்ளி இடம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது சொல் அந்த இடத்தில் முழுதாக அடங்காது. மென்பொருளுக்கு அச்சொல்லை எங்கே வெட்டலாம் என்று தெரியாததால், சொல்லை அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மிஞ்சிய 60 புள்ளிகளையும் நான்கு சொற்களுக்கு நடுவிலுள்ள மூன்று இடைவெளிகளில் ஆளுக்கு 20 என்று பங்கிடுகிறது. இயல்பான இடைவெளி ஏறக்குறைய 3.5 புள்ளி; இப்போது அது 23.5. ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

அதே சொல்லை 'இறக்கிக்' என்ற இடத்தில் வெட்ட அனுமதித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்தத் துண்டுக்கு ஏறக்குறைய 45 புள்ளியும் அதற்கு முன்னுள்ள இடைவெளிக்கு 3.5 புள்ளியும் போனால் மிஞ்சுவது 11.5 புள்ளி. அதை நான்கு இடைவெளிகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் 6.5 புள்ளிக்குள் நின்றுவிடும். படிப்பவர் கண்ணுக்கு அது உறுத்தாது. தமிழில் வேற்றுமையும் துணைவினையும் சேர்ந்து சொற்கள் நீள்வதால், சொல்லை வெட்டாமல் இருபக்கமும் ஒழுங்காக நிற்க வைக்க முடியாது. ஈயெழுத்துக் கோத்த காலத்து அச்சுக்கோப்பாளர்கள் இதை அறிந்துதான், இணைப்புக்கோடு எதுவும் போடாமல் சொல்லை எழுத்து எல்லையில் வெட்டி அடுத்த வரியில் தொடர்ந்தார்கள். தமிழ் வாசகருக்கு அது பழகிய வழி.

ஆனால் அந்த வெட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்து, தனக்கு முன்னுள்ள எழுத்தோடு ஒட்டி மேல்வரியிலேயே நிற்க வேண்டும். 'இறக்கிக் | கொண்டிருந்தவர்' என்பது சரி; 'இறக்கி | க்கொண்டிருந்தவர்' என்பது தவறு. 'இ' என்ற ஒற்றை எழுத்தை மேலே தொங்கவிட்டு மற்றதைக் கீழே அனுப்புவதும், சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் கீழ்வரிக்குத் தள்ளுவதும் அழகல்ல. உங்கள் புரூஃபில் வரிகள் 'க்', 'ம்' என்று தொடங்குவது, யாரோ அகலத்தை மட்டும் பார்த்து, ஒழுங்கைப் பார்க்காமல் வெட்டியதன் அடையாளம்.

சீர் செய்யும் வழியை அச்சகத்தாரிடம் இவ்வாறு சொல்லுங்கள். நூலின் முதன்மை எழுத்துக்குரிய `Paragraph Style` அமைப்பில் முதலில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்திப் பலகையின் பட்டியலிலேயே அது இருக்கிறது. அதன் பெயரில் `World-Ready` இல்லாத பழைய அமைப்பில் விட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதும், புள்ளிவட்டம் தோன்றுவதும் உண்டு. பத்தி முழுவதையும் ஒருசேர நோக்கி வரிகளை முறிப்பது இதன் இன்னொரு நன்மை. அதே பட்டியலிலுள்ள `Justification` பகுதியில் இந்த எண்கள் இருக்க வேண்டும்:

```
Word Spacing     80%   100%   133%
Letter Spacing    0%     0%     0%
Glyph Scaling   100%   100%   100%
```

நடுவரியிலுள்ள மூன்று சுழிகளை வலியுறுத்திக் கேளுங்கள். சொல்லிடைவெளியை மறைக்கச் சிலர் அங்கே 20, 25 என்று ஏற்றிவிடுகிறார்கள். நீங்கள் கண்ட 'விலகிய எழுத்துகள்' அதன் விளைவாகவே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துகள் தனித்தனியானவை என்பதால் கொஞ்சம் விலகினால் பெரிய கெடுதல் இல்லை. தமிழிலோ உயிர்க்குறி மெய்யோடு ஒட்டியிருந்தால்தான் அது எழுத்து. 'காப்பி' என்பதில் ககரத்துக்கும் காலுக்கும் நடுவே வெளி விழுந்தால், கால் ரகரம்போலத் தோன்றி 'கரப்பி' என்று படிக்க நேரும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் உங்கள் வயது வாசகர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

மேலே உள்ள 133 என்பது மென்பொருளின் விருப்பம்தான், சட்டமல்ல. வெட்ட இடம் கிடைக்காத வரியில் அது அந்த எல்லையைத் தாண்டியே தீரும். அப்படித் தாண்டிய வரிகளைக் காட்டிக்கொடுக்க `Preferences` பகுதியில், `Composition` என்பதன் கீழ் `H&J Violations` என்றொரு குறியீடு இருக்கிறது. அதை இயக்கினால் மோசமான வரிகள் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். மஞ்சள் அடர்ந்த அளவுக்கு மீறலும் அதிகம். அச்சகத்தார் பக்கம் பக்கமாக அவ்வரிகளுக்குப் போய், கீழ்வரியிலுள்ள நீண்ட சொல்லில், ஒழுங்குக்கு உட்பட்ட இடத்தில் `Discretionary Line Break` என்ற குறியை இட வேண்டும். `Type` பட்டியலில் `Insert Break Character` என்பதன் கீழ் அது கிடைக்கும். அந்த இடத்தில் வரி முறிந்தால் இணைப்புக்கோடு விழாது. முறியாவிட்டால் அங்கே ஒரு குறி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரியைத் திருத்தினால் அதே பத்தியின் மற்ற வரிகளும் அசையும் என்பதால், பத்தியின் தலையிலிருந்து கீழ்நோக்கி வருவதே வேலையைக் குறைக்கும். நீங்கள் வேர்டில் எழுதும்போதே நீண்ட சொற்களில் இதைச் செய்ய விரும்பினால், அந்த இடத்தில் `200B` என்று தட்டி `Alt+X` அழுத்தினால் போதும். தேடுபொறி அத்தகைய சொல்லைச் சில நேரம் கண்டுபிடிக்காது என்பது இதன் குறை. அச்சு நூலுக்கு அது பொருட்டில்லை.

இதற்கு மாறாக, வெட்ட வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் தட்டுவதும் `Shift+Enter` தட்டுவதும் டிடிபி உலகின் தீராத வியாதி. அன்றைக்கு வரி ஒழுங்காகத் தெரியும். மறுநாள் நீங்கள் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் வரிகள் நகர்ந்து, அந்த ஸ்பேஸ் நடுவரியில் வந்து உட்கார்ந்து 'வந்திருக் கிறார்கள்' என்றாகிவிடும். 'வந்தவர்களைவிட' என்பது 'வந்தவர்களை விட' என்று பிரிந்தால் பொருளே புரண்டுவிடுகிறது. ஆகவே திருத்தம் தொடங்குமுன் `Find/Change` பெட்டியில் `^n` என்று கொடுத்து, கையால் முறித்த வரிகளைத் தேடி நீக்கச் சொல்லுங்கள். தட்டிய ஸ்பேஸை எந்திரம் கண்டுபிடிக்காது. அதை உங்கள் மூலப்படியோடு ஒப்பிட்டு நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

படங்களுக்குக் கீழே வரும் குறிப்புகளைப் பொறுத்தவரை இவ்வளவு பாடு வேண்டாம். இரண்டு அங்குல அகலத்தில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும் என்பதால், அவற்றை இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிறுத்தி வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

இனி பண விஷயம். பக்க வடிவமைப்புக்கும் சேர்த்துத்தான் தொகை பேசினீர்கள் என்றால், மேலே சொன்னது முழுவதும் அந்த வேலைக்குள் அடங்கியது. கூடுதல் கேட்க நியாயமில்லை. நீங்கள் புதிதாக எழுதிச் சேர்த்த பகுதிகளுக்கு அவர்கள் தனியாகக் கேட்டால் அது வேறு. குறைகளைப் பக்க எண், வரி எண்ணோடு எழுதி, மஞ்சள் குறியீடு இயங்கும் நிலையில் சில பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் அடுத்த புரூஃபோடு அனுப்பக் கேளுங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம்; வாட்ஸாப்பில் அனுப்பினாலும் அது எழுத்துதான். எல்லாம் சரியாகும்வரை 'அச்சுக்கு அனுப்பலாம்' என்று கையெழுத்திடாதீர்கள். பிளேட் எடுத்து ஓட்டிய பிறகு, நீங்கள் ஒப்பிய புரூஃபில் இருந்த குறைக்கு அச்சகத்தைப் பொறுப்பாக்குவது கடினம்.

ஒப்புதல் கொடுக்காமலே அச்சிட்டுவிட்டார்கள், அல்லது திருத்த மறுத்து முன்பணத்தையும் தர மறுக்கிறார்கள் என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதால் மனுக் கட்டணம் கிடையாது. விற்று இலாபம் பார்க்கும் நோக்கமின்றி, உறவினருக்குக் கொடுக்கவே அச்சிடுகிறீர்கள் என்பதை மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள். வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிட அது இடங்கொடுக்காது.