ஊறவைத்த உலர்திராட்சை: சவ்வூடு பரவலா, விரவலா?

கேள்வி: உலர்திராட்சை ஊறி உப்புவது சவ்வூடு பரவல் என்கிறார்கள். அப்படியானால் ஊறிய தண்ணீர் ஏன் இனிக்கிறது?

இரண்டும் ஒரே கிண்ணத்தில் நடக்கின்றன. உலர்திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை; நீர் சுமார் 15% மட்டுமே. வெளியே இருப்பதோ வெறும் தண்ணீர். நீர் மூலக்கூறு சிறியது, அதனால் தோல் வழியே எளிதில் நுழைகிறது. சர்க்கரை மூலக்கூறு பெரியது, தடைபடுகிறது. நீர் மட்டும் இப்படிச் சவ்வைக் கடந்து, சர்க்கரை அடர்ந்த பக்கம் போவதுதான் சவ்வூடு பரவல். சுருக்கம் விரிந்து திராட்சை பருக்கிறது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். ஆனால் காயவைக்கும்போதே திராட்சையின் செல்கள் இறந்து, செல் சவ்வுகள் சிதைந்துபோகின்றன. மிஞ்சிய தோல் ஓட்டை வடிகட்டி மாதிரி. அதன் வழியே சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக, அடர்த்தி மிகுந்த உள்ளிருந்து குறைந்த வெளிக்குக் கசிகிறது. இது விரவல். காம்பு பிய்ந்த இடத்தில் கசிவு இன்னும் வேகம்.

எடை போடும்போது இதை மறக்காதீர்கள். 5 கிராம் திராட்சை 8 கிராம் ஆனால், உள்ளே போன நீர் 3 கிராம் என்று எழுதத் தோன்றும். 0.5 கிராம் சர்க்கரை வெளியேறியிருந்தால், உண்மையில் போனது 3.5 கிராம்.

ஊறியதைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் நீர் வெளியேறி மறுபடி சுருங்கும்.