முதலில் அந்த நான்கு ‘என்னும்’களை எடுங்கள்

கேள்வி: இருபது வருட நட்பு முறிந்துபோனதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஒழுகும் கூரையோடு ஒப்பிட்டு ஆரம்பம் முதல் முடிவு வரை கொண்டுபோயிருக்கிறேன். படித்த தங்கை, “முதல் பத்தி நல்லா இருக்கு, அப்புறம் மூச்சு முட்டுது” என்கிறாள். ஒப்புமையை விடவும் மனசில்லை. வலிந்து இழுக்காமல் அதைக் கடைசி வரை எப்படிக் கொண்டுபோவது? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தங்கைக்கு நல்ல காது. அவருக்கு மூச்சு முட்டிய இடம் இரண்டாவது பத்தி: “எங்கள் நட்பின் ஓட்டுக்கூரையில் சந்தேகம் என்னும் ஓட்டை விழுந்தது. மௌனம் என்னும் மழை உள்ளே கொட்டியது. நான் பொறுமை என்னும் பாத்திரத்தை ஏந்தி நின்றேன். மன்னிப்பு என்னும் சிமெண்டைப் பூசிப் பார்த்தேன்.” நான்கு வாக்கியம், நான்கு ‘என்னும்’. பட்டிமன்ற மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். தாளில் படிக்கிறவருக்கோ ஒவ்வொரு வரியிலும் ஒரு கணக்குப் போட்டு விடை எழுத வேண்டியிருக்கிறது. மழை என்றால் மௌனம், பாத்திரம் என்றால் பொறுமை. மூன்றாவது கணக்கில் அவர் களைத்துவிடுகிறார்.

‘அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக’ என்று பூதத்தாழ்வார் அகல், நெய், திரி என எல்லாவற்றுக்கும் ஈடு சொன்னாரே என்று கேட்பீர்கள். சொன்னார்தான், ஆனால் ஒரே வெண்பாவுக்குள் விளக்கை ஏற்றிவிட்டு நகர்ந்துவிட்டார். நீங்கள் நான்கு பக்கம் போகிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஏற்றது பத்தாவது குறள். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்.’ பிறவி கடல் ஆகிவிட்டது. அப்படியானால் இறைவன் அடி தெப்பம் ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ஒன்றை உருவகமாக்கி, அதோடு சேர்ந்த இன்னொன்றை அப்படியே விட்டுவிடுகிற இதை ஏகதேச உருவகம் என்பார்கள். தெப்பத்தை நாமே போட்டுக்கொள்கிறோம். நீங்கள் எங்களுக்கு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்து, உங்கள் கூரை என்ன கூரை? முதல் பக்கத்தில் ஓடு. இரண்டாம் பக்கத்தில் சிமெண்ட் பூச்சு. மூன்றாம் பக்கத்தில் ‘கீற்று கீற்றாகப் பிய்ந்து’ போகிறது. ஒப்புமை வலிந்து இழுத்ததுபோலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்தப் பொருளை நீங்கள் பார்க்கவில்லை, சொல்லை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். கூரைகள் எல்லாம் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஓட்டு வீட்டில் பூனை ஓடி ஒரு ஓடு நகர்ந்திருக்கும். ஏறித் தள்ளி வைத்தால் சரி. கீற்று சில வருஷத்தில் தானாக மக்கும், யார் மேலும் குற்றமில்லை. கான்கிரீட் தளம் வேறு ரகம். நீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்கும். அது பிதுங்கித் தள்ளி ஒரு நாள் காரை பெயர்ந்து விழும்போதுதான் நமக்குத் தெரியும். மூன்றும் மூன்று விதமான முறிவு. உங்களுடையது எது?

கட்டுரையை வைத்தே சொல்கிறேன். தோழி மகளின் நிச்சயதார்த்தம் உங்களுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தது. அங்கிருந்துதான் ‘ஒழுக’ ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி வருகிறது: நான்கு வருஷம் முன்பு அவர் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் ஒரு முறைதான் போனீர்கள். அம்மா, ஓட்டை அங்கே இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வருஷம் மின்விசிறிக்குப் பக்கத்தில் டீ சிந்தியதுபோல ஒரு கறை வந்தது. அதற்கு நேர் மேலே மொட்டை மாடியில் இரண்டு முறை பூசினோம். கறை பெரிசாகிக்கொண்டே போனது. மூன்றாவதாக வந்த கொத்தனார், தண்ணீர் போகும் குழாயைத் துணி வைத்து அடைத்தார். மாடியைப் பகுதி பகுதியாக மண்ணால் வரப்புக் கட்டி, ஒரு நாளைக்கு ஒரு பகுதியில் தண்ணீர் நிறுத்தினார். மூன்றாம் நாள் கறை நனைந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, கறையிலிருந்து எட்டடி தள்ளி. “ஒழுகுற இடத்துக்கு மேலயே ஓட்டை இருக்கும்னு யாரு சொன்னது?” என்றார்.

உங்கள் ஒப்புமைக்கு இந்த ஒரு குணம் போதும்: நீர் இறங்கிய இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. மழை, பாத்திரம், சிமெண்ட் எதற்கும் ஈடு தேட வேண்டாம். கூரை உங்கள் வீட்டுக் கூரையாகவே இருக்கட்டும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“நிச்சயதார்த்தச் செய்தி வந்த அன்று கூடத்தில் நாற்காலி போட்டு ஏறி, கறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் சுண்ணாம்பு ஈரமாக ஒட்டியது. போன் அடித்தது. இறங்காமலே எடுத்தேன்.”

நட்பைக் கூரை என்று எங்கும் சொல்லவில்லை, ‘போல’கூட இல்லை. பக்கத்தில் வைத்ததோடு சரி. பிறகு ஒரு முழுப் பக்கம் கூரையை மறந்துவிடுங்கள். காலேஜ், விடுதி, ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டியது எல்லாம் தன் போக்கில் வரட்டும். இரண்டாவது முறை கூரை வரும்போது அது புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். கொத்தனார் தண்ணீர் கட்டுகிறார், ஓட்டை வேறிடம். அடுத்த பத்தி ஆஸ்பத்திரி வராந்தா. இரண்டையும் கோத்து விளக்க ஒரு வாக்கியம் எழுத உங்கள் கை துறுதுறுக்கும். எழுதுங்கள், பிறகு அடித்துவிடுங்கள். இந்த நீளக் கட்டுரைக்கு மூன்று முறை கூரை வந்தால் தாராளம்.

ஓர் இடத்தில் அதைக் கொண்டுவரவே கூடாது. நீங்கள் இருவரும் போனில் சண்டை போடும் காட்சி. நீருக்குக் கோபமில்லை, தளத்துக்கு மனசில்லை. “நீ ஒரு தடவதானே வந்த” என்று அவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வியைக் கேட்க எந்தக் கூரைக்கும் வாய் கிடையாது. இங்கே ‘இடி இறங்கியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள், வெறும் பேச்சாக இருக்கட்டும்.

வலிந்து இழுத்திருக்கிறோமா என்று பார்க்க நான் செய்வது இது. பென்சிலால் கூரை வரிகளை மட்டும் அடைப்புக்குள் போட்டு, அவற்றைத் தனியே படிப்பேன். ஒரு வீட்டில் நடந்த மராமத்துக் கதையாக அது தன் காலில் நிற்க வேண்டும். உங்களுடையதைப் படித்தேன், கொத்தனார் சிரிப்பார்.

‘இன்று வானமே என் கூரை’ என்ற கடைசி வரி வேண்டாம். நீங்கள் கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். அதற்கு இரண்டு பத்தி முன்னால், நீங்களே முக்கியமில்லை என்று நினைத்து எழுதிய ஒன்று இருக்கிறது: கல்யாணத்துக்குப் போனீர்கள், மொய் எழுதினீர்கள், இருவரும் சிரித்துப் பேசினீர்கள், அதன் பின் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கூடத்துக் கறை மேல் அவசரப்பட்டு வெள்ளை அடித்தோம். ஈரம் காயாததால் ஒரே மாதத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு வந்தது. மூன்றாவது கூரை வரி உங்கள் வீட்டில் என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீங்கள் கறையை என்ன செய்தீர்கள்? அதை எழுதி அங்கேயே நிறுத்துங்கள்.